கைமாதிரியில் பாறையாக்கும் கனிமங்களை இனங்காணுதல்

பாறையாக்கும் கனிமங்கள் என்பவை புவி மேலோட்டின் பாறைகளில் பெரும்பகுதியாக அமைந்துள்ள கனிமங்கள் ஆகும். குவார்ட்சு, பெல்சுபார், மைக்கா, ஆம்பிபோல், பைராக்சீன், ஆலிவின், கால்சைட்டு ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. கையில் அடங்கும் அளவுக்கு உடைத்து எடுக்கப்படும் பாறைத் துண்டு கைமாதிரி எனப்படுகிறது. நுண்ணோக்கியோ வேதிப் பகுப்பாய்வோ இல்லாமல், கைமாதிரியில் உள்ள கனிமங்களை மிளிர்வு, கடினத்தன்மை, பிளவு, கீற்று ஆகிய நான்கு இயற்பியல் பண்புகளைக் கொண்டு பெரும்பாலும் இனங்காண முடியும். இக்கட்டுரை அந்நான்கு சோதனைகளையும் செய்யும் முறையையும், அவற்றில் நேரும் பிழைகளையும் விளக்குகிறது. இறுதியில் சென்னைப் பரங்கிமலையின் சார்னோகைட்டுப் பாறை எடுத்துக்காட்டாக ஆராயப்படுகிறது.

== நிறம் ஏன் போதாது ==

ஒரு கல்லைப் பார்த்தவுடன் கண்ணில் படுவது நிறம். ஆனால் பாறையாக்கும் கனிமங்களில் நிறம் நம்பத்தகாத பண்பு. தூய குவார்ட்சு நிறமற்றது. சிறிதளவு வேற்றுத் தனிமங்களோ படிகக் குறைபாடுகளோ இருந்தால் அதுவே ஊதா, இளஞ்சிவப்பு, புகைக்கருப்பு, நீலச்சாம்பல் எனப் பல நிறங்களில் தோன்றும். பெல்சுபார் வெள்ளை, இளஞ்சிவப்பு, சாம்பல், பச்சை ஆகிய நிறங்களில் கிடைக்கிறது. மறுபுறம், வயல்வெளிகளில் வெங்கச்சங்கல் என மக்கள் அழைக்கும் வெள்ளைக் குவார்ட்சும், வெள்ளைப் பெல்சுபாரும், வெள்ளைச் சலவைக்கல்லில் உள்ள கால்சைட்டும் தொலைவிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எனவே நிறத்தைக் குறித்துக்கொள்ளலாம். முடிவை அதன் மேல் கட்டக்கூடாது.

== தேவையான கருவிகள் ==

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சு, எஃகுக் கத்தி அல்லது எஃகு ஆணி, சிறு கண்ணாடித் துண்டு, மின்கம்பியிலிருந்து உரித்த செப்புக் கம்பி, மெருகிடாத வெண்பீங்கான் தகடு, சிறு காந்தம், ஓர் ஊசி ஆகியவை போதுமானவை. பீங்கான் தகடு கிடைக்காவிடில் வெளிர்நிறச் சுவர் ஓட்டின் மெருகிடாத பின்புறத்தைப் பயன்படுத்தலாம்.

லென்சைக் கண்ணை ஒட்டிப் பிடித்து, கல்லை அதன் அருகே கொண்டுவர வேண்டும். லென்சைக் கல்லின் மேல் பிடித்துத் தொலைவிலிருந்து பார்த்தால் மிகச் சிறிய பரப்பே தெரியும்.

எல்லாச் சோதனைகளையும் புதிதாக உடைத்த முகத்தில் செய்வது அடிப்படை விதி. பாறையின் வெளிப்புறம் நீராலும் காற்றாலும் சிதைவுற்றிருக்கும். சிதைந்த பெல்சுபார் களிமண் கனிமமாக மாறி நகத்தாலேயே சுரண்டும் அளவுக்கு மென்மையாகிவிடும். சுத்தியால் உடைக்கும்போது கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.

== மிளிர்வு ==

கனிமத்தின் பரப்பில் ஒளி தெறிக்கும் விதமே மிளிர்வு. முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அது உலோகம்போல் மிளிர்கிறதா, இல்லையா? உலோக மிளிர்வுடைய கனிமம் விளிம்புகளில்கூட ஒளியைக் கடத்தாது. மேக்னடைட்டு, பைரைட்டு முதலியவை இவ்வகை. பாறையாக்கும் சிலிக்கேட்டுகள் பெரும்பாலும் உலோகமற்ற மிளிர்வு உடையவை.

உலோகமற்ற மிளிர்விலும் வேறுபாடுகள் உண்டு. குவார்ட்சின் உடைந்த முகம் கண்ணாடி போலவோ, மேலே மெல்ல எண்ணெய் தடவியது போலவோ தோன்றும். பெல்சுபாரின் பிளவு முகம் கண்ணாடி மிளிர்விலிருந்து முத்து மிளிர்வு வரை காட்டும். மைக்காவின் தகடுகள் பளபளப்பதால்தான் அதற்குக் காக்காப்பொன் என்ற பெயர் வழங்குகிறது. பெயரில் பொன் இருந்தாலும் அது உலோக மிளிர்வு அன்று; மெல்லிய தகட்டை உரித்து ஒளிக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவுவதைக் காணலாம்.

== கடினத்தன்மை ==

கடினத்தன்மை என்பது ஒரு கனிமம் கீறலை எதிர்க்கும் திறன். செருமானியக் கனிமவியலாளர் பிரீட்ரிக் மோசு 1812-இல் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. டால்க்கு 1, சிப்சம் 2, கால்சைட்டு 3, புளோரைட்டு 4, அப்பட்டைட்டு 5, ஆர்த்தோகிளேசு 6, குவார்ட்சு 7, புட்பராகம் 8, குருந்தம் 9, வைரம் 10 என்பது அதன் வரிசை. இவை வரிசை எண்கள் மட்டுமே. வைரம் குருந்தத்தைக் கீறும் என்பதையே 10, 9 என்னும் எண்கள் சொல்கின்றன. எத்தனை மடங்கு கடினம் என்பதைச் சொல்வதில்லை.

களத்தில் பத்துக் கனிமங்களையும் சுமந்து செல்லத் தேவையில்லை. விரல் நகம் ஏறக்குறைய 2.5, செப்புக் கம்பி ஏறக்குறைய 3, கண்ணாடியும் சாதாரண எஃகுக் கத்தியும் ஏறக்குறைய 5.5 என்ற அளவில் உள்ளன. பழைய பாடநூல்கள் செப்பு நாணயத்தைக் குறிப்பிடுகின்றன. இன்று இந்தியாவில் புழங்கும் பல நாணயங்கள் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. அவற்றைச் செம்புக்கு மாற்றாகக் கொண்டால் விடை தவறும். சில கத்திகள் 6-க்கும் மேற்பட்ட கடினத்தன்மை உடையவை. ஆகவே புதிய கத்தியை முதலில் கண்ணாடியிலும், தெரிந்த பெல்சுபார் துண்டிலும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

பாறைகளைப் பொறுத்தவரை முதன்மையான எல்லைக்கோடு 5.5. வெள்ளைக் கனிமம் ஒன்றைக் கத்தி எளிதாகக் கீறினால் அது குவார்ட்சோ, சிதையாத பெல்சுபாரோ அன்று, கால்சைட்டாக இருக்கலாம். அதன் மேல் ஒரு துளி நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலம் விட்டவுடன் நுரைத்தால் கால்சைட்டு என்பது உறுதியாகும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் இவ்வாறு நுரைக்கும். கத்தி கீறாமல், கனிமம் கண்ணாடியைக் கீறினால் குவார்ட்சையும் பெல்சுபாரையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இச்சோதனையில் மூன்று பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, கோட்டைக் கீறல் என்று கொள்வது. கத்தி தன்னைவிடக் கடினமான குவார்ட்சின் மேல் உராயும்போது, தேய்வது கத்தியே. கல்லில் எஃகின் சாம்பல் நிறக் கோடு விழும். ஈர விரலால் தேய்த்தால் அழிவது உலோகக் கோடு. லென்சில் பள்ளமாகத் தெரிந்து நிலைப்பது உண்மைக் கீறல். இரண்டாவது, மணிகள் பெயர்வதைக் கீறலாகக் கொள்வது. தளர்வான மணற்கல்லைக் கத்தியால் சுரண்டினால் குவார்ட்சு மணிகள் உதிரும். மணி கீறப்படவில்லை, மணிகளுக்கு இடையிலான பிணைப்பே உடைந்தது. மூன்றாவது, ஒரு திசையில் மட்டும் சோதிப்பது. கத்தியால் கனிமத்தைக் கீறிப் பார்த்தபின், கனிமத்தின் கூர்முனையால் கண்ணாடியையும் கீறிப் பார்க்க வேண்டும். இரு விடைகளும் ஒத்துப்போனால் மட்டுமே முடிவை ஏற்கலாம்.

== பிளவு ==

குவார்ட்சும் பெல்சுபாரும் கடினத்தன்மையில் ஒரே ஒரு படி வேறுபடுகின்றன. சிறு மணிகளில் அந்த வேறுபாட்டை உணர்வது கடினம். இங்கே முடிவு சொல்வது பிளவு. படிகத்தில் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு எந்தத் தளத்தின் குறுக்கே வலுக்குறைவாக உள்ளதோ, அந்தத் தளத்தில் கனிமம் மீண்டும் மீண்டும் தட்டையாக உடையும். இதுவே பிளவு. குவார்ட்சில் சிலிக்கானும் ஆக்சிசனும் எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழ ஒரே வலிமையுடன் பின்னியுள்ளதால் அதற்குத் தெளிவான பிளவு இல்லை. சிப்பி ஓட்டின் உட்புறம் போல வளைந்து முறியும். மைக்காவில் சிலிக்கேட்டு அணுக்கள் அடுக்கடுக்கான தாள்களாக அமைந்து, தாள்களுக்கு இடையே பிணைப்பு வலுக்குறைந்திருப்பதால் ஒரே திசையில் மிக எளிதாக உரியும்.

பிளவைக் காண எளிய வழி, கல்லை வெயிலிலோ விளக்கொளியிலோ பிடித்து மெல்லத் திருப்புவது. பிளவு முகம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கண்ணாடி போலச் சட்டெனப் பளிச்சிடும். சற்றே திருப்பினால் முழுதும் அணையும். குவார்ட்சு மணியோ எக்கோணத்திலும் ஆங்காங்கே சிறிது மினுங்குமே தவிர, முழு மணியும் ஒருசேர ஒளிர்வதில்லை. படிகத்தின் இயல்பான வெளிமுகமும் தட்டையாக இருப்பதால் அதைப் பிளவு என்று மயங்க வாய்ப்புண்டு. உடைந்த இடத்தில் ஒரே திசையில் பல படிக்கட்டுகள் போலத் தட்டை முகங்கள் தெரிந்தால் அது பிளவு. வெளிப்புறத்தில் மட்டும் ஒரு தட்டை முகம் இருந்தால் அது படிக முகமாக இருக்கலாம்.

எத்தனை திசைகளில் பிளவு உள்ளது, அவற்றுக்கு இடையிலான கோணம் என்ன என்பவை அடுத்த கேள்விகள். பெல்சுபாருக்கு ஏறக்குறைய 90 பாகையில் இரு பிளவுகள் உண்டு. அவற்றுள் ஒரு முகத்தில், கீறலிட்டது போன்ற மெல்லிய நேர்கோடுகள் இணையாக ஓடினால் அது பிளேசியோகிளேசு வகை. பொட்டாசியப் பெல்சுபாரில் இக்கோடுகள் இரா. ஆயினும் கோடுகள் தெரியவில்லை என்பதால் மட்டும் பிளேசியோகிளேசு இல்லை என்று கூற முடியாது. அந்த முகம் நம் பக்கம் உடைந்திராமல் போயிருக்கலாம்.

கருநிறக் கனிமங்களிலும் பிளவே வழிகாட்டி. பைராக்சீனில் சிலிக்கேட்டு அணுக்கள் ஒற்றைச் சங்கிலிகளாக அமைந்துள்ளன. அதன் இரு பிளவுகளும் ஏறக்குறைய 87, 93 பாகைகளில், அதாவது கிட்டத்தட்ட செங்கோணத்தில் சந்திக்கின்றன. ஆம்பிபோலில் சங்கிலிகள் இரட்டையாக அகன்றுள்ளன. அதனால் பிளவுகள் ஏறக்குறைய 56, 124 பாகைகளில் சாய்ந்து சந்திக்கின்றன. மணியின் குறுக்கு முகம் சதுரம்போல் இருந்தால் பைராக்சீன் எனவும், சாய்சதுரம்போல் இருந்தால் ஆம்பிபோல் எனவும் கொள்ளலாம். கருமைக்காவான பயோட்டைட்டை ஆம்பிபோலிலிருந்து பிரிக்க ஊசி போதும்: ஊசிமுனையால் நெம்பினால் பயோட்டைட்டு மெல்லிய செதிலாக உரியும், ஆம்பிபோல் உரியாது, சிறு சில்லாகத் தெறிக்கும்.

== கீற்று ==

கீற்று என்பது கனிமத்தின் தூளுக்குரிய நிறம். மெருகிடாத பீங்கான் தகட்டில் கனிமத்தை அழுத்தி இழுத்தால் தூள் கோடாகப் படியும். கனிமத்தின் வெளிநிறம் மாறினாலும் தூளின் நிறம் பெரிதும் மாறுவதில்லை. வெள்ளி போல மின்னும் ஹேமடைட்டும், செம்மண் போன்ற ஹேமடைட்டும் செம்பழுப்புக் கீற்றையே தரும். மேக்னடைட்டின் கீற்று கருப்பு. பொன்போல் மின்னும் பைரைட்டின் கீற்று பசுமை கலந்த கருப்பு; உண்மைப் பொன்னோ மஞ்சள் கீற்றே தரும்.

இச்சோதனையின் எல்லையையும் அறிய வேண்டும். பாறையாக்கும் சிலிக்கேட்டுகள் பெரும்பாலும் வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோதான் கீற்றிடும். எனவே குவார்ட்சையும் பெல்சுபாரையும் பிரிக்கக் கீற்று உதவாது. மேலும் பீங்கான் தகட்டின் கடினத்தன்மை 6.5 முதல் 7 வரை. அதைவிடக் கடினமான கனிமம் தூளாகாது, தகட்டையே கீறும். அப்போது படியும் வெள்ளைத் தூள் தகட்டினுடையது, கனிமத்தினுடையது அன்று.

கீற்று முதன்மையாகப் பயன்படுவது ஆக்சைடுக் கனிமங்களில். சேலத்தை அடுத்த கஞ்சமலையில் மேக்னடைட்டும் குவார்ட்சும் பட்டை பட்டையாக அமைந்த பாறை உள்ளது. அத்தகைய பாறையில் கரும்பட்டையின் கீற்று கருப்பாக இருந்து, காந்தம் வலுவாக ஒட்டினால் அது மேக்னடைட்டு. வெளிப்புறம் காற்றுப்பட்டு ஹேமடைட்டாக மாறியிருந்தால், வடிவம் மாறாமலே கீற்று செந்நிறமாகும், காந்த ஈர்ப்பும் குறையும். ஒரே துண்டில் இரு நிறக் கீற்றுகள் கிடைத்தால் அது சோதனையின் பிழை அன்று. மேக்னடைட்டு பாதி மாறிய நிலையில் உள்ளது என்பதன் சான்று.

== எடுத்துக்காட்டு: பரங்கிமலைச் சார்னோகைட்டு ==

கல்கத்தாவில் உள்ள யோபு சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தாமசு ஆலந்து, 1893-இல் அப்பாறைக்குச் சார்னோகைட்டு எனப் பெயரிட்டார். அதே பாறை சென்னைப் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் வெளிப்பட்டுள்ளது. இப்பகுதியில் கருநிறமான மற்றொரு பாறையும் சார்னோகைட்டுடன் சேர்ந்து காணப்படுகிறது. அது பைராக்சீனும் பிளேசியோகிளேசும் மிகுந்த, குவார்ட்சு இல்லாத அல்லது மிகக் குறைந்த கிரானுலைட்டு. இரண்டும் மக்கள் வழக்கில் கருங்கல்லே. ஆனால் முதலாவது கிரானைட்டை ஒத்த இயைபு உடையது. இரண்டாவது பசால்ட்டை ஒத்தது. நிறத்தை மட்டும் நம்பும் மாணவர் சார்னோகைட்டையும் இரண்டாம் வகையாகக் குறித்துவிடுவார்.

சார்னோகைட்டுத் துண்டு ஒன்றைப் புதிதாக உடைத்தால், முகம் முழுதும் கரும்பச்சையாக, எண்ணெய் தடவியது போல் தோன்றும். லென்சில் நான்கு வகை மணிகளைக் காணலாம்.

முதல் வகை நீலச்சாம்பல் நிறம் உடையது. கல்லைத் திருப்பும்போது இம்மணிகள் ஒருசேரப் பளிச்சிடுவதில்லை. உடைந்த முகம் வளைந்துள்ளது. கத்தி எஃகுக் கோட்டை மட்டும் விட்டுச் செல்கிறது, ஈர விரலால் அது அழிகிறது. பிளவு இன்மையும் கடினத்தன்மையும் சேர்ந்து இது குவார்ட்சு என்கின்றன. நிறம் குவார்ட்சை நினைவூட்டாததால் பலரும் தவறவிடுவது இதையே.

இரண்டாம் வகை பச்சை கலந்த பழுப்பு நிறம். அதே கத்தி இதையும் கீறவில்லை. ஆனால் திருப்பும்போது முழு மணியும் தட்டையாக ஒளிர்ந்து அணைகிறது. செங்கோணத்தில் இரண்டாவது படிக்கட்டும் தெரிகிறது. எனவே இது பெல்சுபார். இதே பாறையின் சிதைந்த புறத்தோலில் பெல்சுபார் வெளிறிப் போயிருப்பதால், வெளியே வெளிர்நிறமும் உள்ளே கருநிறமும் தோன்றுவது வழக்கம்.

மூன்றாம் வகை கரும்பழுப்பு மணிகள். சிலவற்றில் வெண்கலம் போன்ற மெல்லிய பளபளப்பு உண்டு. ஊசி செதிலை உரிக்கவில்லை, ஆகவே பயோட்டைட்டு அன்று. இரு பிளவுகளும் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் உள்ளன, ஆகவே ஆம்பிபோலும் அன்று. இது பைராக்சீன். சார்னோகைட்டின் தனி அடையாளமான ஹைப்பர்சுதீன் இதுவே.

நான்காம் வகை சிறு கரும்புள்ளிகள். உலோக மிளிர்வு உடையவை. இவை பீங்கானில் தேய்க்க இயலாத அளவுக்குச் சிறியவை. ஊசியால் சுரண்டிய தூளை வெள்ளைத் தாளில் தட்டினால் கருப்பாகத் தெரிகிறது; காந்தத்தைத் தாளின் அடியில் நகர்த்தினால் தூளும் நகர்கிறது. இது மேக்னடைட்டு. ஆனால் ஊசியும் எஃகு என்பதால் அதன் துகளும் நகரக்கூடும். எனவே பாறைத் துண்டு ஒன்றைத் தனியே பொடித்து, ஊசி படாத தூளிலும் இதே சோதனையைச் செய்ய வேண்டும்.

குவார்ட்சு ஏராளமாக இருப்பது தெரிந்தவுடன் இப்பாறை குவார்ட்சற்ற கருங்கிரானுலைட்டு அன்று என்பது உறுதியாகிறது. முடிவைத் தந்தது கருநிறக் கனிமம் அன்று; நிறத்தால் மறைந்திருந்த குவார்ட்சே.

== சோதனை விடைகளின் சுருக்கம் ==

| கனிமம் | கடினத்தன்மை | பிளவு | கீற்று |
|---|---|---|---|
| குவார்ட்சு | 7 | இல்லை. வளைமுறிவு | வெள்ளை அல்லது நிறமற்றது |
| பெல்சுபார் | 6 – 6.5 | இரண்டு, ஏறக்குறைய 90 பாகை | வெள்ளை |
| பைராக்சீன் | 5 – 6.5 | இரண்டு, ஏறக்குறைய 90 பாகை | வெளிர் சாம்பல் |
| ஆம்பிபோல் | 5 – 6 | இரண்டு, 56 மற்றும் 124 பாகை | வெளிர் சாம்பல் |
| பயோட்டைட்டு | 2.5 – 3 | ஒன்று, மிக எளிது | வெள்ளை முதல் சாம்பல் வரை |
| கால்சைட்டு | 3 | மூன்று, சாய்சதுரத் துண்டுகள் | வெள்ளை |
| மேக்னடைட்டு | 5.5 – 6.5 | இல்லை | கருப்பு |

== முறையின் எல்லைகள் ==

மணிகள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் பிளவுக் கோணத்தைக் கைலென்சில் மதிப்பிடுவது அரிது. பசால்ட்டு போன்ற நுண்மணிப் பாறைகளில் இம்முறை பெரும்பாலும் பயன்படாது. பைராக்சீன் என்று கண்டபின், அது ஹைப்பர்சுதீனா வேறு பைராக்சீனா என்பதைக் கைமாதிரியில் உறுதியாகச் சொல்ல முடியாது. வெண்கல மிளிர்வு ஒரு குறிப்பு மட்டுமே. பாறையைச் சுமார் 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த மென்சீவலை முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் பார்த்தே அது தீர்க்கப்படுகிறது. ஆகவே களக்குறிப்பேட்டில் "பைராக்சீன், ஹைப்பர்சுதீனாக இருக்கலாம்" என எழுதி, எந்தச் சோதனை எந்த விடையைத் தந்தது என்பதையும் அருகில் குறித்து வைப்பதே சரியான நடைமுறை ஆகும்.